பசியாவரம் நண்டும் பதினொரு மணிக் கெடுவும்

“லாரியை எடுக்கச் சொல்லு!” என்று நண்டு ஏற்றுமதி நிறுவன மேலாளர் தௌஃபீக் கத்த, ரிஃபா ஆபீஸ் மெயிலை அவசரமாகத் துழாவினாள்.

சப்ளையர்கள் அனுப்பும் தரச் சான்றுகளைத் தேடும் புரோகிராம், பதினொரு மணிக் கெடு முடிந்ததும், ‘பசியாவரம் தனசேகர்: அட்டாச்மென்ட் வரவில்லை’ என்று அறிவித்திருந்தது. சான்று இல்லாவிட்டால் லாரி அவருடைய நண்டுகளை ஏற்றாமலே கிளம்பிவிடும். அத்தனையும் வெயிலில் செத்துவிடும்.

“காலைலயே அனுப்ச்சிட்டேன்மா!” போனில் தனசேகர் அலறினார்.

“இன்னா கதை உடுறான் பாரு!” என்றார் தௌஃபீக்.

மெயில் இருந்தது. அதில் சான்றும் இருந்தது. ஆனால் யாரும் இன்னும் திறக்காத மெயில்களை மட்டுமே புரோகிராம் பார்க்கும். இதை யாரோ முன்பே திறந்திருந்தார்கள்.

“லாரியை நிறுத்துங்க! இதை யாரு பாய் தொறந்தது?” என்றாள் ரிஃபா.

தௌஃபீக் குரல் இறங்கியது. “காலைல டீ குடிக்கச்சொல்ல, போன்ல ஆபீஸ் மெயில் மேல காட்ற அந்தச் சிவப்பு நம்பர் போவட்டும்னு... எல்லாத்தையும் நான்தான் தொறந்து வுட்டேன்.”