கை வச்சார்

மனு எழுதுவதில் திருநாவுக்கரசுவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். பாதி சிதம்பரத்துக்கு அவர்தான் மனு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அவர் மனைவி மங்கலம் சொல்லுவாள். அதில் பாதிப் பெருமையும் பாதி எரிச்சலும் இருக்கும். "மனுவுல கொஞ்சம் காரம் இருக்கணும். சப்புன்னு எழுதுனா கட்டுக்கு அடியில போய்த் தூங்கும்" என்பது அவர் ஊருக்கெல்லாம் சொல்லும் பாடம். கடைசியில் அந்தக் காரம் அவருடைய சொந்தக் கண்ணிலேயே போய் விழுந்தது.

நடந்தது இரண்டாயிரத்துப் பத்தில். வீட்டில் கம்ப்யூட்டர் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதை வாங்கிக் கொடுத்து, நெட் பேங்கிங்கும் போட்டுக் கொடுத்தவர் மருமகன் செம்பியன். கடலூர் முதுநகரில் வீடு, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வாய் அதிகம் பேசாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் வெண்மதியைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் வந்தால், மாமனார் கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் மாமனார்தான் கேட்டார்.

"மெயிலைத் திறந்தா போதும், பிரவுசர் பழசு, பிரவுசர் பழசுன்னு மேல எழுதிக்கினே இருக்குது மாப்ள. என்னான்னு பாருங்க."

செம்பியன் உட்கார்ந்து புது பிரவுசரை இறக்கினார். கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து எழுந்தது. மெயிலில் இருந்த நச்சரிப்பு போய்விட்டது. திருநாவுக்கரசுவுக்கு ஏக சந்தோஷம்.

மறுநாள் காலையில் பென்ஷன் ஏறிவிட்டதா என்று பார்க்கப் போனார். பேங்கின் முதல் பக்கம் வந்தது. ‘உள்ளே நுழைய’ என்பதை அமுக்கினால் வெள்ளை வெளேரென்று ஒரு பக்கம் வந்து நின்றது. பெயரும் பாஸ்வேர்டும் போடுகிற கட்டங்கள் இல்லை. மூடித் திறந்தார். அணைத்துப் போட்டார். அதே வெள்ளை. முகவரி எழுதும் பட்டையின் ஓரத்தில் மட்டும், இதற்கு முன் இல்லாத ஒரு குட்டிப் படம் இருந்தது. குறுக்கே கிழிந்த காகிதம். அதைப் பார்த்ததும் அவருக்குப் பகீரென்றது. எதையோ கிழித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மாப்பிள்ளை!

செம்பியனுக்கு ஒரு போன் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மங்கலமும் அதைத்தான் சொன்னாள். ஆனால் சின்னச் சின்னதுக்கெல்லாம் மாப்பிள்ளையைக் கூப்பிடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். பேங்குக்கு எழுதினால் பேங்க் பதில் சொல்லிவிட்டுப் போகிறது. எழுதத் தெரியாதவரா அவர்?

உதவி மையத்துக்கு இங்கிலீஷில் ஒரு பக்கத்துக்கு மெயில் எழுதினார். ஒரு நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. உங்கள் பிரவுசர் எது, எத்தனையாவது பதிப்பு, என்று நாலைந்து கேள்வி. கீழே, இது தானாக அனுப்பப்படும் பதில் என்று ஒரு வரி. மிஷின் பதில் சொல்லியதில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கேள்விகளுக்குப் பதில் தெரியாததில் ரோஷம் இன்னும் கூடியது.

மறுபடியும் எழுத உட்கார்ந்தார். இந்த முறை தமிழ். வெண்மதி போனில் அனுப்புவதுபோல இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தார். மனுஷன் படித்தால்தான் புரியும், மிஷின் வாலாட்ட முடியாது என்று கணக்கு. ‘ஞாயிறன்று என் மருமகன் வந்து நெட் பேங்கிங்கைத் தொட்டார். அது முதல் திறக்கவில்லை’ என்று எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தார். சப்பென்று இருந்தது. ‘தொட்டார்’ என்பதை அழித்தார். கொஞ்சம் யோசித்து, ‘கை வச்சார்’ என்று போட்டார். ‘என் மருமகன் வந்து என் பேங்கில் கை வச்சார். அது முதல் நான் உள்ளே போக முடியவில்லை. உடனே நடவடிக்கை எடுக்கவும்.’ இப்போது மனுவுக்கு உயிர் வந்துவிட்டது. அனுப்பிவிட்டுக் காபி கேட்டார்.

கணக்கு தப்பவில்லை. சென்னையில் ஒரு மனுஷிதான் அதைப் படித்தாள். தமிழ்ப் பெண். ஆபீசிலோ கடையிலோ ஒருவன் கை வைத்தான் என்றால் தமிழில் என்ன அர்த்தமோ, அதே அர்த்தத்தில் படித்தாள். மருமகன் வயதானவரின் கணக்கில் கை வைத்துவிட்டு, அவரே உள்ளே போக முடியாதபடி செய்துவிட்டான்! பதறிப்போய், கணக்கில் பதிந்திருந்த செல் நம்பருக்குக் கூப்பிட்டாள்.

அந்த நம்பர் செம்பியனுடையது. நெட் பேங்கிங் போட்ட காலத்தில் திருநாவுக்கரசுவிடம் செல் இல்லை. "உங்க நம்பரையே குடுத்துடுங்க மாப்ள" என்று அவர்தான் சொல்லியிருந்தார். அப்புறம் அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, பேங்க் கிளையிலிருந்து வீட்டு லேண்ட்லைனுக்கு போன் வந்தது. நெட் பேங்கிங்கை நிறுத்தி வைத்திருக்கிறோம், நேரில் வந்து எழுத்து மூலமாகக் கொடுக்க வேண்டும், உங்கள் மருமகனையும் வரச் சொல்லியிருக்கிறோம் என்றார்கள். திருநாவுக்கரசுவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மேலவீதியில் இருந்த கிளைக்குப் போனபோது செம்பியன் அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். கம்பெனி யூனிபாரத்திலேயே இருந்தார். அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்திருக்கிறார். மாமனாரைப் பார்த்ததும் எப்போதும்போல எழுந்து நின்றார். எப்போதும்போல "வாங்க மாமா" என்றார். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

துணை மேலாளர் சந்திரலேகா அந்த மெயிலை அச்செடுத்து வைத்திருந்தார். அவர் குரல் கொஞ்சம் பெரிது. கவுன்டர் வரிசையில் நின்ற நாலு பேர் கேட்கும்படி அதை வாசித்தார். அந்த நாலு பேரில் இருவருக்குத் திருநாவுக்கரசு மனு எழுதிக் கொடுத்திருந்தார்.

"சார், கை வச்சார்னு எழுதியிருக்கீங்க. பணம் எடுத்துட்டாரா?"

"ஐயய்யோ!" என்றார் திருநாவுக்கரசு. "இல்லம்மா, இல்ல. கம்ப்யூட்டர்ல கை வச்சார்னு சொன்னேன். தொட்டார், தொட்டார்! பிரவுசரைப் புதுசாக்குனாரு. நான்தாம்மா செய்யச் சொன்னேன்."

"ஹெல்ப்டெஸ்க்ல உங்க நம்பருக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க. எடுத்தவர், நான் மருமகன் பேசுறேன்னு சொல்லியிருக்கார். அவங்க என்னா நெனைப்பாங்க? நம்பரையும் இவரு மாத்தி வச்சிருக்காருன்னு நெனைச்சுட்டாங்க. அதான் நிறுத்திட்டாங்க."

திருநாவுக்கரசு மருமகனைப் பார்த்தார். செம்பியன் மேஜைமேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின் ஓடிக்கினு இருந்துச்சு மாமா, சரியா கேக்கல. ஸ்பீக்கர்ல போட்டேன். உங்க மாப்ள உங்க பேங்க்ல கை வச்சிட்டாராமே சார், எவ்ளோ போச்சுன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. சூப்பர்வைசரு பக்கத்துலதான் நின்னாரு."

குரலில் கோபம் இருந்திருந்தால் திருநாவுக்கரசுவால் தாங்கியிருக்க முடியும். அவர் கூனிக்குறுகிப் போனார்.

சந்திரலேகா நல்ல மனுஷி. நிலைமையைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "பணம் எதுவும் போகல சார். இதே கம்ப்ளெயின்ட் தினமும் வருது. எங்க லாகின் பக்கம் பழைய பிரவுசருக்குன்னு செஞ்சது. புதுசுல வெள்ளையா நிக்கும். மேல ஓரத்துல கிழிஞ்ச காகிதம் மாதிரி ஒரு படம் இருக்கும் பாருங்க, அதை ஒரு தடவை அமுக்குனீங்கன்னா பழைய மாதிரியே காட்டும். அவ்ளோதான்."

அவ்வளவுதான்! அந்தக் கிழிந்த காகிதத்தை வைத்துத்தான் அவர் ஒரு மனுஷனைத் திருடனாக்கியிருக்கிறார்.

மருமகன் பணம் எதுவும் எடுக்கவில்லை என்று அவர் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எத்தனையோ பேருக்கு எழுதிய கைக்கு அந்த ஒரு வரி நகரவே இல்லை. எழுதி முடித்ததும் சந்திரலேகா கேட்டார்: "செல் நம்பர் இவரோடதே இருக்கட்டுமா சார்?"

"இருக்கட்டும்மா, அதுவே இருக்கட்டும்" என்று அவசரமாகச் சொன்னார் திருநாவுக்கரசு.

"வேணாம் மேடம், மாத்திடுங்க" என்றார் செம்பியன். "மாமாகிட்ட இப்ப செல் இருக்குது."

வெளியே வந்து, ஆட்டோவில் ஒருவரை ஒருவர் இடிக்காமல் உட்கார்ந்து வீட்டுக்குப் போனார்கள். செம்பியன் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்றுதான் திருநாவுக்கரசு பயந்தார். வந்தார். மங்கலம் கொடுத்த மோரைக் குடித்தார். நடந்ததை இரண்டு பேருமே அவளிடம் சொல்லவில்லை. பேங்கில் சாயங்காலத்துக்குள் திறந்துவிடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை செம்பியன் பேப்பர் படித்தார்.

நாலு மணிக்குமேல் கம்ப்யூட்டரைப் போட்டார்கள். திருநாவுக்கரசு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மாப்ள" என்றார்.

"நீங்களே உக்காருங்க மாமா. நான் சொல்றேன்."

செம்பியன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னே நின்றார். திருநாவுக்கரசு தட்டுத் தடுமாறிப் பேங்க் பக்கத்தைத் திறந்தார். வெள்ளைப் பக்கம் வந்தது. மவுஸ் அம்பு அங்கேயும் இங்கேயும் ஓடியது. அந்தக் குட்டிப் படம் அவர் கண்ணில் படவே இல்லை.

"இந்தாங்க, நீங்களே ஒரு தடவை அமுக்கிடுங்களேன்."

"மேல பாருங்க மாமா. பட்டையோட கடைசில. இன்னும் கொஞ்சம் வலது பக்கம். அதான். அமுக்குங்க."

அமுக்கினார். பக்கம் ஒருமுறை சிமிட்டியது. கட்டங்கள் இரண்டும் வந்துவிட்டன. செம்பியன் உடனே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்தப் பாஸ்வேர்டை உண்டாக்கிக் கொடுத்ததே அவர்தான். இரண்டு வருஷமாக, "அதைக் கொஞ்சம் போடுங்க மாப்ள" என்று மாமனார் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போட வைத்த பாஸ்வேர்டு அது.

திருநாவுக்கரசுவின் விரல் எழுத்துகள்மேல் நின்றுவிட்டது.

"மாப்ள, அவசரத்துல எழுதிட்டேன். வாய்க்கு வந்தது அப்படி விழுந்துடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

செம்பியன் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"எங்க அப்பா நிலத்துக்குப் பட்டா மாத்த நீங்கதான் மாமா மனு எழுதிக் குடுத்தீங்க. ஒரு வார்த்தைய மூணு தடவை அடிச்சு மாத்துனீங்க. பக்கத்துலதான் இருந்தேன். நீங்க ஒரு வார்த்தைய தெரியாம போடுறவரு இல்லியே."

"சீக்கிரம் பதில் வரட்டும்னுதான்..." என்று ஆரம்பித்தார் திருநாவுக்கரசு. அது உண்மை. பொய்யாக இருந்திருந்தாலும் இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. அவர் மிச்சத்தை விட்டுவிட்டு எழுத்துகளைத் தேட ஆரம்பித்தார்.

"போட்டுட்டீங்களா மாமா? திரும்பலாமா?" என்று கேட்டார் செம்பியன்.