தீபனுக்கு ஒரு துணைவர்

தன்னார்வலர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவதில் சாந்தினியை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. உலு திராம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சங்கத்து வேலை. சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர் நடத்தும் சங்கம் அது. நான்கு வருடமாக அவள்தான் தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர். ஆண்டுக்கொரு முறை குழந்தைகளை நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போவார்கள். இந்த ஆண்டு மின்னஞ்சலையும் வழக்கம்போல நறுக்கென்றுதான் எழுதினாள்.

"அன்புடையீர், வரும் சனிக்கிழமை நம் குழந்தைகள் பன்னிரண்டு பேருக்குக் குளத்து நாள். உதவிக்கு ஆள் வேண்டும். பதிவு மேசைக்கு இருவர், வண்டி நிறுத்துமிடத்துக்கு இருவர், காலை 7.30 முதல் 9.30 வரை. சாப்பாடு பரிமாற நால்வர், 11 முதல் 1 வரை. படம் எடுக்க ஒருவர். தண்ணீரில் குழந்தையுடன் கூடவே இருக்கும் துணைவர்கள், குழந்தைக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர், 8 முதல் 12 வரை. துணைவர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை சங்கத்தில் அரை மணி நேர விளக்கம் உண்டு. நீச்சல் தெரிய வேண்டாம், தண்ணீர் இடுப்பளவுதான். கீழே உள்ள இணைப்பைத் தட்டுங்கள். நான்கே கேள்விகள், ஒரு நிமிட வேலை. செவ்வாய்க்கிழமைக்குள் பதியுங்கள்."

பதிந்தார்கள். படம் எடுக்க மட்டும் ஏழு பேர்! சோறு போட ஒரு கல்யாணத்துக்குப் போதுமான கூட்டம். துணைவர் என்ற இடத்தில் மூன்றே பெயர்கள். நம் ஆட்களுக்குத் தொண்டு செய்ய ஆசை நிறைய உண்டு, கரையில் நின்று செய்கிற தொண்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குளத்துக்காரர்களின் விதியோ கறார். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் தண்ணீரில் இருக்க வேண்டும். புதன் மதியத்துக்குள் துணைவர்களின் பெயர்கள் அவர்கள் கைக்குப் போக வேண்டும். பெயர் இல்லாத குழந்தை குளத்தில் இறங்க முடியாது.

திங்கள் மதியம், பொட்டலச் சோற்றைப் பிரிக்காமலே, சங்கத்தின் துணைத் தலைவர் ரோலண்டைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஏன் யாருமே துணைவரா வரமாட்டேங்கிறாங்க? போன வருசம் சண்ட போட்டுக்கிட்டு வந்தாங்களே."

மறுமுனையில் ரோலண்ட் உள்ளதைச் சொல்லிவிட்டார். "தப்பா நெனச்சிக்காத லா சாந்தினி. போன வருசம் என் கையில தையல் போட்டது எல்லாருக்கும் தெரியும். எந்தப் பையன் கடிச்சான்னு நான் சொல்லல, நீ சங்கடப்படுவேன்னு. இப்ப என்னாச்சு, எந்தப் பிள்ளன்னு தெரியாம பன்னண்டு பிள்ளைங்களப் பாத்தும் பயப்படுறாங்க."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. கடித்தவன் தீபன். அவளுடைய ஒரே மகன், ஒன்பது வயது. அவர் நல்லது நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டார். அந்த நல்லதுதான் இப்போது ஒன்பது குழந்தைகளின் வாசலை அடைத்து நிற்கிறது.

யோசிக்க நேரமில்லை. அங்கேயே இரண்டாவது மின்னஞ்சலை எழுதினாள். இந்த முறை நறுக்கெல்லாம் இல்லை.

"கடந்த ஆண்டு கடித்தது என் மகன் தீபன். தண்ணீரை விட்டு வெளியே தூக்கும்போது மட்டும் கடிப்பான். மற்ற குழந்தைகள் யாரும் கடிப்பதில்லை. பதிவுப் படிவத்தில் இப்போது குழந்தைகளின் பெயர்களைப் போட்டிருக்கிறேன். யாருக்குத் துணையாக வர விருப்பமோ அந்தப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். தயவுசெய்து வாருங்கள்."

உண்மையைச் சொன்னால் மனிதர்கள் இரங்குவார்கள் என்று நம்பினாள். இரங்கவும் செய்தார்கள். செவ்வாய் மாலைக்குள் பெயர்கள் மளமளவென்று விழுந்தன. பெக்கான் நானாஸிலிருந்து வரும் ராஜம்மாவின் மகள் தேன்மொழிக்கு ஜோஆன் துணை. மார்கஸ் ஒரு பையனை எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஒரு பெயர். பதினொரு பேர்.

தீபனுக்கு நேரே வெறுமை.

யாரைக் குறை சொல்வது? பயத்தைப் பன்னிரண்டாகப் பங்கு போட்டு வைத்திருந்தார்கள். அவள் அத்தனையையும் வாரித் தன் பிள்ளை தலையில் மட்டும் கொட்டிவிட்டாள். பதினொரு தாய்மார்கள் அன்றைக்கு நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது. அந்தத் தாய்மார்கள் மேல்கூட எரிந்தது. அப்படி எரிந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

சிங்கப்பூரில் லாரி ஓட்டும் கணவன் கனகராஜைக் கூப்பிட்டாள்.

"சனிக்கிழம லீவு கேட்டுப் பாருங்களேன்."

"மொதலாளிகிட்ட ரெண்டு தடவ கேட்டாச்சு. இன்னொரு தடவ கேட்டா இனிமே வரவே வேணாம்னுடுவான்." அவன் குரல் இறங்கியது. "இந்த வருசம் விட்ரலாமா?"

"நீங்க வந்து தீபன்கிட்ட சொல்றீங்களா?"

தீபனிடம் யார் சொல்வது? வாரம் முழுக்க அவன் நீச்சல் கால்சட்டையைக் கழற்றவே விடவில்லை. சுவரில் தலையை மோதிக்கொள்ளும் பிள்ளை அவன். தண்ணீரில் இருக்கும்போது மட்டும் மோதிக்கொள்ள மாட்டான். வருடத்தில் அந்த ஒரு காலைதான் அவனுக்கு வலியில்லாத காலை.

'நீயே இறங்கேன்' என்று யாராவது கேட்கலாம். ஒருங்கிணைப்பாளர் கரையை விட்டு நகர முடியாது. மருந்துப் பை, பெற்றோரின் தொலைபேசி எண்கள், யார் உள்ளே யார் வெளியே என்ற கணக்கு, எல்லாம் ஒருவர் கையில் இருந்தாக வேண்டும். படம் எடுக்க முன்வந்த ஏழு பேரையும், கரையைப் பார்த்துக்கொள்வீர்களா என்று தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தாள். "ஐயோ, அந்தப் பொறுப்பெல்லாம் நமக்கு வராதுக்கா!" ரோலண்டைக் கேட்டாள். அவர் அன்று தேவாலயத்தில் தங்கை மகளின் கல்யாணத்தில் நிற்க வேண்டும்.

புதன் காலை. இனி மிச்சம் இருந்தது ஒரே கதவு. அதைத் தட்டக் கூடாது என்று அவளே விதி செய்து வைத்திருந்தாள். குளத்து நாளில் தாய்மார்களை எந்த வேலைக்கும் கூப்பிடக் கூடாது. வருடம் முழுக்கத் தூங்காதவர்கள் அன்று நாற்காலியில் சாய்ந்து டீ குடிக்கட்டும் என்றுதான் அந்த நாளையே வைத்தார்கள். தன்னார்வலர் மின்னஞ்சல் தாய்மார்களுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை.

அன்று அனுப்பினாள்.

"ஒருங்கிணைப்பாளர் ஒருவர் தேவை, காலை 7.30 முதல் 1 வரை. கரையில் இருக்கும் வேலை. என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லித் தருகிறேன். உங்களைக் கேட்கக் கூடாதுதான். எனக்கு வேறு வழியில்லை."

பதினொரு மணியானது. பதினொன்றரையானது. அலுவலகக் கழிப்பறையில் போய் நின்று, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். குளத்துக்கு அனுப்ப வேண்டிய பெயர்ப்பட்டியலில் தீபன் பெயரை அடிக்க வேண்டியதுதான் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது தொலைபேசி அடித்தது. ராஜம்மா.

"இந்தா சாந்தினி, இந்த இணைப்பெல்லாம் எனக்குத் தட்டத் தெரியல. பேர நீயே போட்டுக்க. கரையில நான் நிக்கிறேன்."

"அக்கா, உங்களுக்கு அது ஒரு நாள்தானே ரெஸ்ட்டு..."

"எனக்கு நாலு வருசமா ரெஸ்ட்டு. நீதான ஓடிக்கிட்டிருந்த. ஒனக்கும் ஒரு பிள்ள இருக்குன்னு நாங்கதான் மறந்துட்டோம். கேக்குறதுக்கு ஒனக்கு இவ்ளோ நாளாச்சா?"

சாந்தினி நன்றி சொல்வதற்குள் ராஜம்மாவே, "சரி சரி, போ, நேரமாவுது" என்று வைத்துவிட்டாள்.

மணி பன்னிரண்டாகக் கொஞ்ச நேரமே இருந்தது. சாந்தினி பதிவுப் படிவத்தைத் திறந்தாள். தானே தயாரித்ததுதான், நிரப்புவது இதுவே முதல் முறை. பெயர் கேட்டது. எழுதினாள். தொலைபேசி எண் கேட்டது. எழுதினாள். எந்தக் குழந்தை என்று கேட்டது. தீபன் என்பதைத் தட்டினாள்.

நான்காவது கேள்வி: 'இந்தக் குழந்தையுடன் இதற்கு முன் தண்ணீரில் இறங்கியிருக்கிறீர்களா?'

விரல் அங்கேயே நின்றது. நான்கு வருடம் நான்கு குளத்து நாள்கள் நடத்தியிருக்கிறாள். கரையிலிருந்து அவனை எண்ணியிருக்கிறாள், வெளியே வந்ததும் துண்டால் துவட்டியிருக்கிறாள். தண்ணீருக்குள் அவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

'இல்லை' என்பதைத் தட்டி, அனுப்பினாள்.