கீழ்வரி

கிடங்குக்காரரை அருங்காட்சியகத்தில் எல்லாரும் பூட்டு அண்ணன் என்பார்கள். பேசும்போதும் சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருப்பார். அன்று அது சட்டைப்பையில் கிடந்தது. ஒரு தாளை என் மேசையில் போட்டார்.

"தம்பி, நான் விளக்குத் திருடனாம். என் வீட்ல கரண்ட் இருக்குய்யா. எனக்கு எதுக்கு விளக்கு?"

வெண்கல விளக்கு, எண் 1387, கணக்கெடுப்பின்போது கிடங்கில் காணப்படவில்லை, எழுத்து மூலம் விளக்கம் தரவும் என்று இருந்தது.

"அலமாரி அலமாரியாத் தேடிட்டேன். எலி கூட எனக்குப் பரிதாபப்படுது" என்றார். சிரித்தார். தாளை மடித்து எடுத்துக்கொண்டார்.

அவர் போனதும் கணினியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். இருப்பிடம்: கிடங்கு. பிறகு எண்ணை விட்டுவிட்டு, காட்சிக்கூட விவரப் பலகைகளில் 'விளக்கு' என்று தேடினேன். முதல் கூடம், நான்காம் பெட்டி. விளக்கு அங்கே இருந்தது. எண் மட்டும் 1887. அதை இட்டவன் நான்.

எங்கள் அறையின் வேலை இதுதான். காட்சிக்கூடத்தில் உள்ள ஒவ்வொரு பலகையையும் படமெடுத்து அனுப்புவார்கள். பலகையில் மூன்று மொழிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அவற்றுக்கும் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி: எண், உலோகம், உயரம், வந்த ஆண்டு. இரண்டு தட்டச்சர்கள் ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் அதைத் தட்டுவார்கள். கண்ணில் தெரிவதைத்தான் தட்ட வேண்டும். பலகையில் பிழை இருந்தால் பிழையோடு. படிக்க முடியாவிட்டால் 'தெளிவில்லை'. இரண்டு பேரும் முரண்பட்டால் படம் என்னிடம் வரும், நான் தீர்ப்பேன். இரண்டு பேருமே தெளிவில்லை என்றால் என்னிடம் வராது. மறுபடி எடுக்க வேண்டியவற்றின் பட்டியலுக்குப் போகும். எந்தப் பொருள் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதைக் கணினி அந்தச் சின்ன எண்ணை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. பலகை இல்லாத பொருள் கிடங்கில் இருப்பதாக அதன் நினைப்பு.

விளக்கின் படத்துக்கு இருவருமே தெளிவில்லை என்றுதான் போட்டிருந்தார்கள். பட்டியலுக்குள் போய் அதை வெளியே எடுத்தது நான். பெரிதாக்கிப் பார்த்து, இரண்டாவது இலக்கம் எட்டு என்று முடிவு செய்ததும் நான்.

படமெடுப்பவர் என் மாமனார்.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஃபிளாஷ் போடக்கூடாது. பார்வையாளர்கள் நடக்கும் நேரத்தில் ஸ்டாண்டு வைக்கவும் விடமாட்டார்கள். மங்கல் வெளிச்சத்தில், கையில் பிடித்து, மூச்சை அடக்கி எடுக்க வேண்டும். மாமா அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார். மகள், என் மனைவி, இறந்த பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. பெரிய எழுத்து கொஞ்சம் அசைந்தாலும் படிக்கலாம். ஒரு மொழி மங்கினால் மற்ற இரண்டும் அது என்ன என்று காட்டிக்கொடுத்துவிடும். கீழ்வரி ஒரே ஒரு முறைதான் அச்சாகியிருக்கிறது. முதலில் கலைவதும் அதுதான்.

அவருக்கு வருட ஒப்பந்தம். மறுபடி எடுக்கச் சொல்லித் திரும்பும் படங்கள் அளவுக்கு மிஞ்சினால் புதுப்பிக்க மாட்டார்கள்.

அவள் போனபோது நான் அழவில்லை. இப்போதும் இல்லை. என் பங்கையும் சேர்த்து அவரே அழுதார் என்று தோன்றும். அவருக்கு நான் செய்த ஒரே காரியம், அவர் படங்கள் திரும்பாதபடி இப்படி எண்களை இட்டதுதான்.

மதியம் வழக்கம்போல் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"மாப்ள, இந்த மாசம் ரெண்டே ரெண்டு தான் திரும்புச்சு, பாத்தீங்களா?" கையை நீட்டிக் காட்டினார். "ஆடத்தான் ஆடுது. ஆனா பட்டனை அமுக்குற நேரத்துல அடங்கிடுது. கழுதை, நேரம் தெரிஞ்ச கழுதை."

"ஆமா மாமா."

"பூட்டு விஷயம் கேட்டீங்களா? தலையில கண்ணாடியை ஏத்திக்கிட்டு ஊரெல்லாம் கண்ணாடி தேடுற ஆளு. அவன் போய் விளக்கைத் திருடுவானா? எவனோ ஒரு மடையன் கணக்கை மாத்தி எழுதியிருப்பான்."

நான் டப்பாவை மூடினேன்.

முதல் கூடத்துக்குப் போனேன். பள்ளிப் பிள்ளைகள் போகும்வரை காத்திருந்து குனிந்தேன். 1387. வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. படம் மட்டும்தான் ஆடியிருந்தது. எண்ணை இட்ட அன்று பத்தடி நடந்து வந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வந்தால் அவர் கை ஆடுவது உறுதியாகிவிடும்.

அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றிவிடலாம். விளக்கு கிடைத்துவிடும், அண்ணன் தப்பிப்பார். ஆனால் நான் இட்ட எண்கள் இன்னும் நிறைய இருந்தன. சில பெட்டிகளை அதற்குள் மாற்றி அடுக்கிவிட்டார்கள். ஒரு கூடத்தைப் பழுதுபார்க்க மூடியிருந்தார்கள். எது சரி, எது தவறு என்று எனக்கே தெரியாது. கணக்கெடுப்பு அலமாரி அலமாரியாக நடந்துகொண்டிருந்தது. நாளை வேறொரு எண் காணாமல் போகும். கேள்வி மறுபடியும் அண்ணனிடம்தான் வரும்.

ஆவணப் பிரிவு அதிகாரியின் அறைக்குப் போனேன். மாமாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதிகாரி நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். கீழ்வரி சாம்பல் நிறப் பட்டையாக இருந்தது.

"ரெண்டு பேர் தெரியலன்னு எழுதியிருக்காங்க. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது? ஞானக்கண்ணா?"

"இல்ல மேடம்."

"யாருக்காகன்னு நான் கேக்கல. இந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்." கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க போட்டதெல்லாம் பழையபடி தெளிவில்லைன்னு ஆகணும். நீங்களே பண்ணுங்க. மெமோ வரும், வாங்கிக்குங்க."

ஒவ்வொன்றாக மாற்றினேன். மாலைக்குள் பட்டியல் மூன்று பக்கம் நீண்டது. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் படமெடுத்தவர் என்று மாமாவின் பெயர்.

பட்டியல் அவர் கைக்கு என் வழியாகப் போகவில்லை, பியூன் கொண்டுபோய்க் கொடுத்தார். மாமா எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். தட்டச்சர்கள் இருவரும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இதெல்லாம் நீங்க போட்டதா?"

"ஆமா மாமா."

"எத்தனை மாசமா?"

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டாவது தடவை எடுத்திருப்பேன். மூணாவது தடவை எடுத்திருப்பேன். அந்தப் பெட்டி எங்கயும் ஓடிப்போகல." குரலை உயர்த்தவில்லை. "கை ஆடுறது நிக்கிதுன்னு வீட்ல பெருமை பீத்திக்கிட்டு இருந்தேன். நீங்களும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"மாமா, உங்க வேலை..."

"வேலை என்னோடது மாப்ள. போறதா இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சு போகணும்ல?"

பூட்டு அண்ணன் மறுநாள் வந்தார். சாவிக்கொத்து மறுபடி கைக்கு வந்திருந்தது. "விளக்கு கெடைச்சிடுச்சு தம்பி. என்னைத் தேடவிட்டுட்டு அது கண்ணாடிக்குள்ள ஜம்முனு உட்காந்திருக்கு" என்றார். யார் செய்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்கவில்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

மாமா அந்த மூன்று பக்கத்தையும் எடுத்து முடித்தார். திறக்கும் நேரத்துக்கு முன்பே வந்து, காவலரிடம் கெஞ்சி ஸ்டாண்டு வைத்து எடுத்தார். மூடிய கூடத்தையும் திறக்கச் சொல்லி எடுத்தார். எல்லாம் தெளிவாக வந்தன. நான் இட்டிருந்ததில் ஒன்பது தவறு. ஆனாலும் பட்டியல் பட்டியல்தான். ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை.

இப்போது ஒரு பெண் படமெடுக்கிறாள். நான் வீடு திரும்பும்போது மாமா டிவி முன்னால் இருப்பார், பெரும்பாலும் சத்தத்தை அணைத்துவிட்டு. ஒரே வீட்டில் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டு பல வாரம் போனது.

நேற்று தட்டை வைத்தபோது அவரே கேட்டார்.

"புதுப் பொண்ணு எப்படி எடுக்குறா?"

"நல்லா எடுக்குறா மாமா."

"கீழ்வரி?"

பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியுது மாமா. முழுசாத் தெரியுது."

அவர் தலையாட்டினார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.