நான்காவது கேள்வி

எங்கள் கிளினிக் டாக்டர் யலிகார் சார் எழுதிக் கொடுத்த தாள் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. முதுகு வலி என்று யார் போன் செய்தாலும் அதைப் பார்த்துத்தான் நான் பேச வேண்டும். சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் விழுங்கவும் கூடாது.

ஹூப்ளியில் எங்கள் பிசியோதெரபி கிளினிக்குக்கு நாலு கடை தள்ளி இன்னொன்று இருக்கிறது. 'ஏழே நாளில் வலி போகும்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். எங்கள் தாளில் இருப்பது இது: "முதல் நாள் முக்கால் மணி நேரம் ஆகும். எப்போது வலிக்கிறது, என்ன வேலை செய்கிறீர்கள், எப்படித் தூங்குகிறீர்கள் என்று டாக்டர் கேட்பார். குனிய, நிமிர, நடக்கச் சொல்வார். காலில் பலமும் உணர்ச்சியும் எப்படி என்று பார்ப்பார். அன்றைக்கு ஒன்றிரண்டு பயிற்சி சொல்லித் தருவார். பழைய ஸ்கேன் இருந்தால் கொண்டு வாருங்கள், இதற்காகப் புதிதாக எடுக்க வேண்டாம். குணமாகிவிடும் என்று நாங்கள் வாக்குக் கொடுப்பதில்லை. பலருக்குக் குறைகிறது, சிலருக்கு நாளாகிறது, சிலரை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது."

இதைக் கேட்டதும் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். "இப்படிப் பேசினா ஈ ஓட்ட வேண்டியதுதான் சார்" என்று நான் சொன்னேன். "ஓட்டு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அது போகட்டும். எனக்குத் தொல்லை அதற்கு முன்னால் வரும் நான்கு கேள்விகள்தான். நேரம் குறித்துக் கொடுக்கும் முன் அவற்றைக் கேட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். எத்தனை நாளாக வலி, கீழே விழுந்தீர்களா, காய்ச்சலோ உடல் இளைப்போ உண்டா. மூன்றும் சரி. நான்காவது, சிறுநீர், மலம் போவதில் புதிதாகச் சிரமம் உண்டா, தொடை இடுக்கிலும் உட்காரும் இடத்திலும் மரத்துப் போயிருக்கிறதா, இரண்டு காலும் பலவீனமா. 'ஆம்' என்றால் உடனே சாரிடம் கொடுக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும். அதை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

அந்தக் கேள்வியை ஒரு ஜவுளிக்கடைக்காரரிடம் கேட்டேன். "உங்க வீட்டு ஆம்பளைகிட்ட போய்க் கேளும்மா இதெல்லாம்" என்று கத்தினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றிலிருந்து ஆண் குரல் என்றால் நான்காவதைக் கேட்பதில்லை. பதிவேட்டில் 'இல்லை' என்று நானே எழுதிவிடுவேன். கஸ்தூரிக்கு வாய் நீளம் என்று என்னை ஊரே சொல்லும். அந்த வாய்க்கு இந்த இடத்தில் பூட்டு விழுந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை, பதினொரு மணி இருக்கும். பேடகியிலிருந்து போன். பின்னால் மிளகாய்ச் சந்தையின் இரைச்சல், ஏலக்காரரின் குரல், தும்மல்மேல் தும்மல்.

"அக்கா, என் பேரு பக்கீரேஷ். சந்தையில மூட்டை தூக்குறேன். எனக்கு இல்லீங்க, எங்க அத்தைக்கு. பொண்டாட்டியோட அம்மா. முதுகு வலி."

"எத்தனை நாளா?"

"பதினஞ்சு வருஷமா இருக்குது. மிளகாய்க் காம்பு கிள்ற வேலை, நாள் பூரா தரையில உக்காரணும். வெள்ளிக்கிழமை மூட்டையை நகத்தினாங்க, புடிச்சிக்கிச்சு. இப்ப ரெண்டு காலும் இழுக்குதாம்."

விழவில்லை, காய்ச்சலில்லை. அடுத்தது நான்காவது. ஆண் குரல், அதிலும் மருமகன். மாமியார் எதிரில் வந்தால் எழுந்து ஒதுங்கி நிற்கிற ஆள்களிடம் அவளுடைய சிறுநீரைப் பற்றி எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. நாளைக்குப் பதினொரு மணிக்கு வரச் சொல்லி, தாளில் இருந்ததை வாசித்தேன்.

"குணமாகும்னு சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டோம்."

"நல்ல கிளினிக்குதான் போங்க" என்று சிரித்தான். "ஒரு வேடிக்கை கேளுங்க. உக்காந்தோமா இல்லையான்னே தெரியலையாம் அத்தைக்கு. கையால தடவித் தடவிப் பாத்துட்டு உக்கார்றாங்க. நாங்க கேலி பண்ணிக்கிட்டு இருக்கோம்."

நானும் சிரித்தேன். போனை வைத்தேன்.

பதிவேட்டைத் திறந்து நான்காவது கட்டத்தில் 'இல்லை' என்று எழுதப் போனேன். 'இல்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. உட்கார்ந்தது தெரியவில்லை. கண்ணாடிக்கு அடியில் சிவப்பு மை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு காலும் இழுக்கிறது என்றும் அவன் சொல்லியிருந்தான்.

சார் பக்கவாத நோயாளி ஒருவரைப் பார்க்க நவநகர் போயிருந்தார். மூன்று முறை அடித்தேன், எடுக்கவில்லை. நோயாளியைத் தொட்டு நிற்கும்போது அவர் போனைத் தொடமாட்டார். 'காத்திருக்காதே' என்று எழுதியவரும் அவர்தானே. பக்கீரேஷை அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மூட்டை முதுகில் இருக்கும்போது எவன் போன் எடுப்பான்? நான்கு முறை போனது. ஐந்தாம் முறை எடுத்தான்.

"என்னக்கா, நேரம் மாறிடுச்சா?"

"உங்க அத்தை எங்க இருக்காங்க?"

"வீட்டுல. ஏன்?"

"அவங்ககிட்ட நான் பேசணும். இப்பவே."

"அவங்ககிட்ட போன் கிடையாது. என் சம்சாரம் காம்புக் கொட்டகையில இருக்குறா. லாரி நிக்குது, நான் வந்தா மேஸ்திரி தோலை உரிச்சிருவான். என்ன வேணும்னு என்கிட்டயே கேளுங்க."

"உன்கிட்ட கேக்கத்தான் கூச்சப்பட்டேன். அது என் தப்பு. இப்ப கேக்கிறேன். அவங்களுக்கு ஒண்ணுக்குப் போகுதா? கீழ, உக்கார்ற இடத்துல, தொட்டா தெரியுதா?"

பின்னால் ஏலக்காரர் கத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க என்ன பேசுறீங்க? நான் மருமகன். அத்தைகிட்ட போய் இதை நான் கேக்கவா?"

"நீ கேக்க வேணாம். போனை அவங்க கையில குடுத்துட்டு வெளிய நில்லு. நான் கேக்கிறேன். வீடு எவ்வளவு தூரம்?"

"அஞ்சு நிமிஷம்."

"மூணு நிமிஷத்துல போ. மேஸ்திரி திட்டினா என் நம்பரைக் குடு, நான் பேசிக்கிறேன் அவன்கிட்ட."

அவன் ஓடினான். நான் போனை வைக்கவில்லை. மூச்சு வாங்குவது கேட்டது, இரைச்சல் தேய்ந்தது, ஒரு நாய் குரைத்தது. வாசலில் வந்த ஆளைக் கையைக் காட்டி உட்கார வைத்தேன். அவர் முழங்கால் வலியெல்லாம் எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

"யாரும்மா?" தெளிவான, அழுத்தமான குரல். "நீலவ்வா பேசுறேன். மருமகன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வாசல்ல நிக்குறாரு. அப்படி என்ன ரகசியம்?"

கேட்டேன். முழுவதையும் கேட்டேன், ஒரு வார்த்தை விழுங்காமல்.

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து போகலம்மா. போகணும்னே தோணல. அடிவயிறு கல்லா இருக்குது. தண்ணி குறைச்சலா குடிச்சேன், அதனாலன்னு விட்டுட்டேன். கீழ துணி உரசுறதே தெரியல. இதை யாருகிட்ட சொல்றது? மகளுக்கே சொல்லல."

"அவ்வா, நாளைக்கு இங்க வராதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நரம்பு ஆபரேஷன் செய்யுற டாக்டர் இருக்குற பெரிய ஆஸ்பத்திரி. நரம்பு அமுங்கியிருக்கலாம். நேரம் போகக் கூடாது."

"ஆஸ்பத்திரின்னா வெட்டுவாங்க." குரல் இறுகியது. "வெட்டாத இடம்னுதான் உங்க பேரைச் சொன்னாங்க. என் தங்கச்சியை வெட்டினாங்க, அவ எந்திரிக்கவே இல்ல. நான் போக மாட்டேன்."

"அவ்வா..."

"சரி, ஒண்ணு சொல்லு. போனா நல்லாயிடுவேன்னு நீ சொல்லு, போறேன். சொல்லு பாக்கலாம்."

நாக்கு நுனியில் வந்துவிட்டது. நல்லாயிடுவீங்க அவ்வா என்று ஒரு வரி. சொன்னால் கிளம்பிவிடுவாள். நாலு கடை தள்ளி இருப்பவன் கண் இமைக்காமல் சொல்லியிருப்பான். கண்ணாடிக்கு அடியிலிருந்த தாளைப் பார்த்தேன். வந்த கோபத்தில் அதைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

ஆனால் பொய் எழுதிப் பழகித்தான் இவ்வளவும் வந்தது. இன்னொன்று என்னால் முடியவில்லை.

"சொல்ல மாட்டேன் அவ்வா. நல்லாயிடுமான்னு எனக்குத் தெரியாது. ஆபரேஷன் வேணுமான்னும் ஸ்கேன் பாத்துட்டு அவங்கதான் சொல்லணும். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நாளைக்குப் பதினொரு மணின்னா ரொம்ப லேட். இப்ப போனா இருக்குறதைக் காப்பாத்த ஒரு வழி இருக்கு. நாளைக்கு அதுவும் இல்லாம போகலாம். இந்தக் கேள்வியை உங்க மருமகன் பேசினப்பவே கேட்டிருக்கணும், வெக்கப்பட்டு விட்டுட்டேன். நீங்களும் வெக்கப்பட்டு மறைச்சீங்க. இனியும் வேணாம்."

"மாப்பிள்ளையைக் கூப்பிடுறேன்" என்றாள்.

பக்கீரேஷ் போனை வாங்கினான். 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். அடுத்ததுதான் கஷ்டம். "அங்க போய் முதுகு வலின்னு மட்டும் சொன்னா ஊசி போட்டு அனுப்பிடுவாங்க. உள்ள நுழைஞ்சதும் மூணு விஷயம் சொல்லணும். எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டு. ஒண்ணுக்குப் போகல. உக்கார்ற இடம் மரத்துப்போச்சு. ரெண்டு காலும் பலமில்ல."

"அக்கா, என் பொண்டாட்டி வந்து சொல்லுவா."

"அவ வர்ற வரைக்கும்? சொல்லுடா!"

முதலில் முனகினான். கேட்கவில்லை என்றேன். இன்னொரு முறை சொன்னான். மூன்றாம் முறை, மாமியார் காதில் விழும்படி, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினான். பிறகு போனை வைத்துவிட்டான்.

சார் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், நானே எழுதிய 'இல்லை'களையும் சேர்த்து. அவர் உட்காரக்கூட இல்லை. "எத்தனை?" என்றார். எண்ணினேன், பதினேழு. "கூப்பிடு" என்றார். பதினேழு பேரையும் கூப்பிட்டுக் கேட்டேன். இருவர் திட்டினார்கள். நல்லவேளை, பதினேழும் இல்லைதான். ஜவுளிக்கடைக்காரர் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனாலும் அவரையும் கூப்பிட்டேன். இல்லை என்று ஒழுங்காகச் சொன்னார்.

அன்று மாலையே ஹூப்ளியில் நீலவ்வாவுக்கு ஸ்கேன் எடுத்து ஆபரேஷன் செய்துவிட்டார்கள் என்று பக்கீரேஷ் ஒரு வரி செய்தி அனுப்பியிருந்தான். பிறகு எதுவும் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை என்பதுதான் உண்மை.

ஆறு வாரம் கழித்துப் போன் வந்தது. தும்மலிலேயே ஆள் தெரிந்துவிட்டது.

"அக்கா, முதல் வருகைக்கு நேரம் வேணும். அத்தைக்கு. ஆபரேஷன் பண்ணின டாக்டர் சீட்டு குடுத்திருக்காரு."

"சரி தம்பி. முதல்ல நாலு கேள்வி..."

"நாலாவதை முதல்ல எழுதிக்குங்க" என்றான், எவன் கேட்டாலும் எனக்கென்ன என்கிற குரலில். "ஒண்ணுக்குப் போக வெச்சிருந்த குழாயை எடுத்து ரெண்டு வாரமாச்சு. தானாவே போகுது, கொஞ்சம் முக்கணும். மரத்தது வலப்பக்கம் விட்டிருச்சு, இடப்பக்கம் இன்னும் இருக்கு. கைப்பிடி புடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் நடக்குறாங்க. அத்தை பக்கத்துலதான் இருக்காங்க, நான் தப்பா சொன்னா திருத்துவாங்க."

"இடது காலும் இழுக்குதுன்னு சொல்லுங்க மாப்பிள்ளை" என்றது நீலவ்வாவின் குரல். பிறகு போனுக்கு அருகில் வந்தது. "ஏம்மா, இப்பவாவது நல்லாயிடும்னு சொல்லுவியா?"

"மாட்டேன் அவ்வா."

"அப்ப சரி, எழுது" என்றாள். "எத்தனை மணிக்கு வரணும்?"