குருநாதன் வட்டம் போட்ட எண்

'விண்ணப்பதாரர் கேள்விகளைப் புரிந்துகொள்வதில் மந்தமாக இருக்கிறார். பதில்கள் தாமதமாக வருகின்றன. சைகைகள் பாதியில் நின்றுவிடுகின்றன.' டில்லியிலிருந்து வந்த மின்னஞ்சலில் இப்படித்தான் எழுதியிருந்தார்கள். மந்தமாம். என் தங்கச்சியா மந்தம்?

சத்தியபிரியாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மதுரையில் காது கேளாதோர் பள்ளியில் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவள். அவள் கை பேச ஆரம்பித்தால் என் கண்ணுக்கே பிடிபடாது, அவ்வளவு வேகம். டில்லியில் காது கேளாதவர்களையே ஆசிரியர்களாக்கும் பயிற்சி ஒன்று இருந்தது. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். தென்னாட்டுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு இடம். நேர்காணலை வீடியோ கால் மூலம் வைத்தார்கள். கேள்வி கேட்கும் மூன்று பேருக்கும் காது கேட்காது, எல்லாமே சைகைதான். அந்த இடம்தான் இப்போது போய்விட்டது.

எங்கள் அப்பா நல்லையா, இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் கப்பலில் வந்து இறங்கியவர். செண்பகனூர் மலையில் வீடு. வாழ்க்கை முழுக்க யாராவது ஒரு துரை சொன்னதற்குத் தலையாட்டியே பழகிய மனுஷர். மின்னஞ்சலை நான் படித்துச் சொன்னதும் அவர் சொன்னது இதுதான்:

"காது கேக்காதவங்களே சொல்லிட்டாங்கல்ல புள்ள. அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது? திங்கக்கெழமையிலருந்து வில்பட்டிக்குப் பூண்டு உரிக்கப் போகட்டும். சும்மா ஒக்காந்து என்னா செய்யுறது?"

பிரியா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு படிக்கத் தெரிந்தவளுக்கு முன்னால் இதைச் சொல்ல எப்படி மனசு வந்ததோ. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, அப்பாவையும் அவளையும் இழுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

ஏழு ரோடு சந்திப்பில் இருந்தது குருநாதனின் பிரவுசிங் சென்டர். நேர்காணல் அங்கேதான் நடந்தது. அன்றைக்கு நான் கூட இல்லை. நான் வேலை பார்க்கும் லாட்ஜில் மே மாதச் சீசனில் செத்தாலும் லீவு கிடையாது. அப்பாதான் கூட்டிப்போனார்.

"குருநாதண்ணே, அன்னைக்கு லைன் எப்படிண்ணே இருந்துச்சு?" என்று கேட்டேன். குரலை அடக்கித்தான் கேட்டேன்.

"லைனா? லைனுக்கு என்ன கொறச்சல்? ஒங்க வீட்டுப் புள்ளைக்காக எல்லாக் கஸ்டமரையும் எந்திரிக்கச் சொல்லி, அத்தன சிஸ்டத்தையும் ஆஃப் பண்ணிக் குடுத்தேன். நீ வேணா ஒங்கப்பாட்ட கேளு."

"ஆமா புள்ள," என்றார் அப்பா. "டில்லிக்காரங்க மூஞ்சி கண்ணாடி மாதிரி தெரிஞ்சிச்சி. பிரியா மூஞ்சியும் ஓரத்துல நல்லாத்தான் தெரிஞ்சிச்சி."

"அப்புறம் லைன் மேல பழிய போட்டா எப்படி?" குருநாதன் சுவரைக் காட்டினார். "எழுத்து மூலமா ஆதாரமே வச்சிருக்கேன்ல."

அதுதான் அவருடைய தொழில்முறை. யாராவது இன்டர்வியூ என்று வந்தால், கால் ஆரம்பிக்கும் முன் வேகச் சோதனையை ஓட்டி, திரையை அப்படியே படம் பிடித்து, கலர் பிரின்ட் எடுத்து, டவுன்லோடு எண்ணுக்கு மட்டும் சிவப்பு ஸ்கெட்சில் வட்டம் போட்டு ஒட்டிவிடுவார். சாமி படத்துக்குப் பக்கத்திலேயே பிரியாவின் தேதி போட்ட தாளும் இருந்தது. வட்டத்துக்குள் 1.31 மெகாபிட் வேகம்.

"வீடியோ காலுக்கு அதுல கால்வாசி போதும்மா," என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் வட்டத்துக்கு வெளியேயும் எண்கள் இருந்தன. கோயம்புத்தூரில் ஒரு கால் சென்டரில் இரண்டு வருஷம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கிடந்தவள் நான். லைன் கரகரத்தால் இந்த எண்களைப் பார்த்துப் புகார் கொடுப்பது எங்கள் தினசரிச் சோலி. தாளைச் சுவரிலிருந்து கிழித்தே எடுத்தேன். அப்லோடு 0.04. லேட்டன்சி 640. ஜிட்டர் 190.

"அண்ணே, டவுன்லோடுங்கறது டில்லியிலருந்து நமக்கு வர்றது. அதான் அவங்க மூஞ்சி பளிச்சின்னு தெரிஞ்சிருக்கு. நம்ம கிட்டயிருந்து அங்க போறது அப்லோடு. 0.04ல சின்னதா ஒரு போட்டோ போகவே திணறும். இவ கை அசையுறது எப்படிண்ணே போகும்?"

"அவ படமும்தான் திரையில நல்லாத் தெரிஞ்சுச்சே!"

"அது இந்தக் கேமராவுலருந்து இந்தத் திரைக்கு வர்ற படம். அது டில்லிக்குப் போய்ட்டா திரும்பி வருது?"

நான் அதோடு நிறுத்தவில்லை.

"லேட்டன்சி 640ன்னா, ஒரு தகவல் போய்த் திரும்பவே அர செகண்டுக்கு மேல. அதுக்கு மேல படம் வேற தேங்கி நிக்கும். அவ ஒடனே பதில் சொல்லியிருப்பா. அங்க அது லேட்டாத்தான் போயிருக்கும். ஜிட்டர் 190ன்னா அந்த லேட்டும் ஒரே சீரா இல்ல. வத்தலக்குண்டு பஸ் ரெண்டு மணி நேரம் வராம, அப்புறம் நாலு ஒண்ணா வருதுல்ல, அது மாதிரி. கை பாதியில நின்னுரும், அப்புறம் தபதபன்னு ஓடும். பேசுறவங்களுக்குன்னா படம் நின்னாலும் குரலை வச்சு ஒப்பேத்தலாம். இவளுக்கு கைதானண்ணே வாயி?"

தாளை அவர் மேசையில் அறைந்தேன். கோபத்தில்தான்.

"எல்லாத்தையும்தான் ஆஃப் பண்ணிட்டேனே. அப்லோட யாரு திங்கப் போறா?" என்று முனகினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் அவருடைய சொந்த சிஸ்டம் ஓடிக்கொண்டிருந்தது. தேனிலவுக்கு வரும் ஜோடிகள் கேமரா கார்டைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். திரும்பி வருவதற்குள் படங்களையெல்லாம் இணையத்தில் ஏற்றி வைப்பார் குருநாதன். சீசனில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த வேலை ஓயாது. கஸ்டமரையெல்லாம் கிளப்பிவிட்ட புண்ணியவான், தன் சிஸ்டத்தை மட்டும் நிறுத்தவே இல்லை. அது அவர் கணக்கில் பிரவுசிங்கே இல்லையாம். தொழிலாம்!

"அதை நிறுத்துங்க. நிறுத்திட்டு மறுபடி டெஸ்ட் போடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார். அப்லோடு 0.43 வந்தது. லேட்டன்சி 68, ஜிட்டர் 5. திரையையே பார்த்தார். "சரி, இப்பத்தான் சரியாயிருச்சில்ல, அப்புறம் எதுக்குக் கத்துற?" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் அகராதியிலேயே கிடையாது.

பழைய டெஸ்ட், புது டெஸ்ட் இரண்டின் படங்களையும் இணைத்து, அங்கேயே உட்கார்ந்து டில்லிக்கு எழுதினேன். மந்தமாக இருந்தது லைன், என் தங்கச்சி அல்ல என்று எழுதினேன். பணிவாக எழுதச் சொல்லி அப்பா தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். எழுதவில்லை. சாயங்காலமே பதில் வந்துவிட்டது: நாளை பதினொரு மணிக்கு இன்னொரு முறை பார்க்கிறோம், அதுதான் கடைசி.

மறுநாள் லாட்ஜுக்குப் போகவில்லை. வேலை போனால் போகட்டும். பிரியாவைக் கேமராவுக்கு முன்னால் உட்காரவைத்து, நானே டெஸ்ட் போட்டு, நாலு எண்ணையும் பார்த்த பிறகுதான் கால் போடவிட்டேன். திரையில் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா, அவர்தான் தலைமை. அவர் கேட்டார், பிரியா பதில் சொன்னாள். கேட்டு முடிப்பதற்குள் பதில் பறந்தது. வலது பக்கம் இருந்தவர் புருவத்தைத் தூக்கினார். இவளா அன்றைக்கு வந்தவள் என்பது போலப் பார்த்தார்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு எப்படிச் சொல்லித்தருவாய் என்று கேட்டார்கள். அதுதான் முக்கியமான கேள்வி. பிரியா கொய்யாப்பழத்தைக் கூறு கட்டுவது போலக் கையால் பிரித்துக் காட்ட ஆரம்பித்தாள். பாதியில் அந்த அம்மா முன்னால் சாய்ந்தார். கண்ணைச் சுருக்கினார். கையை உயர்த்தி, நிறுத்து என்றார்.

எங்கள் திரையில் எல்லாம் பளிங்கு மாதிரி இருந்தது. பிரியாவின் படமும் ஓரத்தில் அழகாக அசைந்தது. அப்பா, "என்னா ஆச்சி, தப்பாச் சொல்லிட்டாளா?" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன்.

குருநாதன் மறுபடி படம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே!"

"லைன்தான் சூப்பரா ஓடுதே. அந்த ஜோடி பஸ்ஸுக்குப் போவணுங்குது, வெரசா முடிச்சிருவேன்."

வாசலில் புதுத்தாலியோடு ஒரு பெண்ணும், அவள் கணவனும் காத்திருந்தார்கள். நான் மேசைக்கு அடியில் குனிந்து, குருநாதன் சிஸ்டத்தின் நெட் ஒயரை மோடம் பெட்டியிலிருந்து பிடுங்கினேன். முக்கால்வாசி ஏறியிருந்த படங்கள் அப்படியே நின்றன.

"ஏய், என்ன பண்ற நீ? ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

"எங்களுக்கு போட்டோ வந்தாகணும் மேடம், பஸ் போயிரும்!" என்றான் அந்தக் கணவன்.

"போகட்டும்! ஒங்க போட்டோ நாளைக்கும் ஏறும். இவளுக்கு நாளைக்குக் கெடையாது! ஒருத்தி வாழ்க்கைய விட ஒங்க குணா குகை போட்டோ பெருசா?" நான் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டேன். குருநாதன் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. அப்பா நடுவில் நின்று இரண்டு பக்கமும் கும்பிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பழனிப் படிக்கட்டில் கடைவைத்திருப்பவர்கள்கூட அப்படித் திட்டியிருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு சத்தமும் பிரியாவுக்குக் கேட்கவில்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் அங்கே திரும்ப ஓட ஆரம்பித்திருக்க வேண்டும், அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்து ஏதோ காட்டினார். பிறகு பிரியாவிடம் கேட்டார்: அன்றைக்கும் இப்படித்தான் நின்றதா?

ஆமாம், என்றாள் பிரியா.

உன் பின்னால் எல்லோரும் ஏன் வாயை வாயை அசைக்கிறார்கள்? யார் அந்தப் பெண்?

பிரியா திரும்பினாள். ஒயரைப் பிடித்துக்கொண்டு தலை கலைந்து நிற்கும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மறுபடி திரைக்குத் திரும்பிக் கையை உயர்த்தினாள். எனக்கு ஒரு சைகை தவறாமல் தெரிந்தது.

"என் அக்கா. நான் மந்தம் இல்லை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்லட்டும். உங்களுக்கு நான் சொல்கிறேன், கேளுங்கள்."

பிறகு, விட்ட இடத்திலிருந்து கொய்யாப்பழத்தைக் கூறு கட்டினாள்.

முடியும்வரை நான் ஒயரை விடவில்லை. அந்த ஜோடி பஸ்ஸைத் தவறவிட்டது. குருநாதன் இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்றார். வரமாட்டேன் என்றேன். கடைசியில் அந்த அம்மா மின்னஞ்சல் அனுப்பும்வரையெல்லாம் காத்திருக்கவில்லை. ஜூன் மாதம் என்று காட்டி, பிரியாவை நோக்கிக் கையை நீட்டி, விரல்களை மடக்கித் தன் பக்கம் அழைத்தார்.

அதைப் புரிந்துகொள்ளச் சைகை படித்திருக்க வேண்டியதில்லை. இத்தனை வருஷத்தில் மகளின் சைகை ஒன்றைக்கூடக் கற்றுக்கொள்ளாத அப்பாவுக்கே புரிந்தது. "வரச் சொல்றாங்க புள்ள," என்று என் கையைப் பிடித்தார். "டில்லிக்கு வரச் சொல்றாங்க."

"அத என்கிட்ட சொல்லாதீங்க," என்றேன். இன்னமும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. "அவகிட்ட சொல்லுங்க. கையால சொல்லுங்க."