பள்ளத்தில் அழுத்திய செய்தி

லிஃப்ட் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. கட்டடத்தின் அடிவயிற்றில், லிஃப்ட் வந்து நிற்கும் தளத்துக்கும் கீழே, ஓர் ஆள் ஆழத்துக்கு இருக்கும் அந்தக் குழியில் எந்த போனும் செத்துப்போகும். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறேன். அந்தப் பள்ளத்தை நான் இப்படிப் பயன்படுத்துவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதற்குள் நின்றுகொண்டு என் மகனுக்கு மன்னிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுவேன், அனுப்பு என்று அழுத்துவேன், செய்தி போகாமல் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரப் படம் மட்டும் நிற்கும். அனுப்பிவிட்ட மாதிரி மனசு கொஞ்சம் ஆறும். பிறகு படித்துப் பார்ப்பேன், பிடிக்காது, அழித்துவிடுவேன். ஐம்பது வயசுக்காரன் செய்கிற வேலையா இது என்று கேட்டால், இல்லைதான். ஆனால் வேறு வழி தெரியவில்லை.

முந்தின நாள் மதியம் மச்சான் குடும்பம் சாப்பிட வந்திருந்தது. என் மனைவியின் அண்ணன், அவர் மனைவி, அவர்களுக்குப் புதிதாக வந்திருக்கும் மருமகப்பிள்ளை. மருமகப்பிள்ளை என் வேலையைப் பற்றி மரியாதையாக ஏதோ கேட்டார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார் பாவம். நான் என் பழைய கதையை எடுத்துவிட்டேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஓர் அலுவலகக் கட்டடத்தில், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் ஏழு பேரோடு லிஃப்ட் மாட்டிக்கொண்டது. அதில் ஒரு கர்ப்பிணிப் பெண். உச்சியில் இருக்கும் மெஷின் அறைக்கு ஓடி, மெயின் சுவிட்சை அணைத்து, பிரேக்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை மாடிக்கு நேராகக் கொண்டுவந்தேன் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மருமகப்பிள்ளை சாப்பிடுவதையே மறந்துவிட்டார்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மகன் மெதுவாகத்தான் கேட்டான்.

"அப்பா, சக்கரத்தைச் சுத்தினது பென்சில் சித்தப்பா இல்லையா? நீங்க நாலாவது மாடியில இல்ல நின்னீங்க?"

அவ்வளவுதான். கோபம் கண்ணை மறைத்துவிட்டது. எழுந்து நின்றேன். பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஒரு வேலையில மூணு மாசத்துக்கு மேல நிக்கத் துப்பில்லாத பய, நீ எனக்குப் பாடம் எடுக்கறியா? வெளிய போடா!"

அவன் சொம்பைக் கீழே வைத்தான். வைத்த சத்தம்கூட வரவில்லை. போய்விட்டான். இருபத்து மூன்று வயசு; எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இரவு நண்பனின் அறையில் தங்கிவிட்டான்.

காலையில் மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்: "நீ ஒரு போன் போட்டு, அப்பா வருத்தப்படறாருன்னு சொல்லேன்."

"கத்தினது நீங்க, வருத்தத்தை மட்டும் நான் சுமக்கணுமா?" என்று அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "அவன் அந்த அறையிலேயே தங்கிக்கலாமான்னு யோசிக்கறான். சாயங்காலம் வந்து துணிமணி எடுத்துக்கறேன்னு எனக்குச் செய்தி போட்டிருக்கான். அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

அதுக்குள்ள. அந்தச் சொல்தான் என்னைப் பள்ளத்தில் நிறுத்தி வைத்திருந்தது. ஒரே பிள்ளை. அவன் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிடக் கூடாது.

நான்காவது தடவையாக எழுதினேன்: "தம்பி, நேத்து சத்தம் போட்டது தப்புதான். ஆனா நாலு பேர் முன்னாடி நீ என்னை அப்படிக் கேட்டதும் தப்பு. அம்மா சரியா சாப்பிடலை. கோபத்தை விட்டுட்டு வீட்டுக்கு வா."

அழுத்தினேன். கடிகாரம் வந்தது. படித்துப் பார்க்க ஆரம்பித்தபோது மேலேயிருந்து பென்சில் கூப்பிட்டான்.

"அண்ணே! ஷூவை மாத்தணும், மேல வாங்க!"

பென்சில் என் கூட்டாளி. காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் அந்தப் பெயர்; என் மகனுக்குச் சித்தப்பா முறை. கதையில் நான் திருடியது இவனுடைய வேலையைத்தான். அதே ஆளோடு நாள் முழுக்க ஒரே கூண்டில் வேலை செய்கிறேன் என்பதை நினைத்தாலே அன்றைக்கு உடம்பு கூசியது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினேன். கடைசிப் படியில் காலை வைத்தபோது பையில் 'டிங்' என்றது.

செய்தி போய்விட்டது. இரண்டு கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் நீலமாயின.

பதறியடித்து அழித்தேன். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்தது. அரை நிமிடத்தில் அவனிடமிருந்து பதில்.

"அழிக்காதீங்கப்பா. படிச்சிட்டேன்."

பிறகு இன்னொன்று. "சத்தத்துக்கு மட்டும்தானா?"

பென்சிலோடு லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி உட்கார்ந்தேன். நிறுத்து சுவிட்சைப் போட்டுவிட்டு அவன் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தான். தண்டவாளத்தைப் பிடித்தபடி கூண்டோடு போகும் துண்டு அது. தேய்ந்துவிட்டால் கூண்டு ஆடும், கிறீச்சிடும். குடியிருக்கிறவர்கள் எப்போதும் 'சத்தம் வருது' என்றுதான் புகார் கொடுப்பார்கள். நாங்கள் வேலைச் சீட்டில் சத்தம் என்று எழுதிவிட்டு வந்தால் எங்கள் மேலதிகாரி காறித் துப்புவார். எது தேய்ந்தது, அதை எழுது என்பார். ஆயிரம் சீட்டு அப்படி எழுதியிருப்பேன். மகனுக்கு எழுதிய சீட்டில் சத்தம் என்று மட்டும் எழுதி, கூடவே அவன் மேலும் ஒரு புகார் சேர்த்திருக்கிறேன்.

"ஸ்பேனரைக் கொடுங்கண்ணே. அது ஸ்க்ரூ டிரைவர்."

மாற்றிக் கொடுத்தேன்.

"அதுவும் இல்ல. என்னண்ணே ஆச்சு இன்னைக்கு? காலையிலேர்ந்து நிலைகொள்ளாம இருக்கீங்க."

சொல்ல வேண்டாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சொல்லிவிட்டேன்.

"அந்த ஏழு பேர் கதை இருக்கில்ல. அதை நான் செஞ்சதாத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். ரொம்ப வருஷமா. நேத்து பையன் அதைத் திருத்தினான். விருந்தாளிங்க முன்னாடி அவனைக் கேவலமா பேசிட்டேன்."

பென்சிலின் கை நின்றது. அந்த ஏழு பேர் மாட்டிக்கொண்ட அன்றைக்கு அவன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மெஷின் அறையில் காவலாளியைப் பிரேக் நெம்புகோலைப் பிடிக்கச் சொல்லி, சக்கரத்தை இவன் சுற்றினான். நான் நான்காம் மாடிக் கதவுக்கு வெளியே நின்று, "பயப்படாதீங்க, பயப்படாதீங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தவர்களைவிட நான்தான் அதிகம் பயந்திருந்தேன். மொத்தத்தில் அன்றைக்கும் நான் போட்டது சத்தம் மட்டும்தான்.

"எனக்குத் தெரியும்ணே, நீங்க அப்படிச் சொல்றது" என்றான் பென்சில். "ஆபீஸ்ல ஒருத்தன் என்கிட்டயே வந்து உங்களைப் பத்திப் பெருமையா சொன்னான். அன்னைக்கு வீட்டுக்குப் போய் சோறு இறங்கலை. அப்புறம் பழகிடுச்சு."

அதைச் சொன்னதற்குப் பதில் அவன் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

"ஏன்டா கேட்கலை?"

"கேட்டா கத்துவீங்க."

அவன் புது ஷூவைப் பொருத்தினான். போல்ட்டை முறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினான்.

"பையனை என்ன சொல்லித் திட்டினீங்க?"

சொன்னேன். மூன்று மாதம் என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது.

"அந்த மூணு மாசம் எங்கூடத்தானே வேலை பார்த்தான்? நம்ம கம்பெனியிலதானே? நல்ல கை அவனுக்கு. விட்டுட்டுப் போன அன்னைக்கு டூல் பையை என்கிட்ட கொடுத்துட்டு ஒண்ணு சொன்னான். 'வேலை பிடிச்சிருக்கு சித்தப்பா. ஆனா அப்பா கத்தறப்போ எல்லாரும் அவரைப் பார்க்கறதில்ல, என்னையே பார்க்கறாங்க'ன்னான். உங்ககிட்ட சொல்லவேண்டாம்னும் சொன்னான். இப்ப சொல்லிட்டேன்."

அந்த வேலையை அவன் விட்டபோது சோம்பேறி என்று சொன்னேன். ஊரெல்லாம் சொன்னேன். நேற்று அவனை அடிக்க நான் எடுத்ததும் அதே மூன்று மாதம்தான். நான் விரட்டியதை அவன் ஓடினான் என்று சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வேறு சொல் இல்லை.

மதியம் பென்சில் சாப்பிட உட்கார்ந்தான். நான் மொட்டை மாடிக்குப் போனேன். அங்கே சிக்னல் முழுசாக இருக்கும். எழுதினால் போய்விடும், ஒளிந்துகொள்ள இடமில்லை. அதனால்தான் போனேன்.

முதலில் குடும்பக் குழுவில் எல்லாருடைய மன்னிப்பையும் கேட்டு நீளமாக எழுதி, மகனை வானளாவப் புகழலாம் என்று தோன்றியது. நல்லவேளை, விரல் நின்றது. மச்சான் கைகூப்பும் படம் போடுவார், அவர் மனைவி இதயம் போடுவார், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அவன் 'பரவாயில்லப்பா' என்று சொல்லியே ஆகவேண்டும். நேற்று வெளியே தள்ளியவனை இன்று மேடையில் ஏற்றுவதா? குழுவில் என் பொய்யை மட்டும் எழுதினேன்: "நேத்து நான் சொன்ன லிஃப்ட் கதையில, ஏழு பேரைக் காப்பாத்தினது நான் இல்லை. என் கூட்டாளி பென்சில். நான் வெளியில நின்னேன். பையன் கேட்டது சரி."

பிறகு அவனுக்குத் தனியாக. இதற்குத்தான் நேரம் பிடித்தது. நான் சொன்ன வாக்கியத்தை நானே என் விரலால் எழுத வேண்டியிருந்தது. வாயால் சொல்ல ஒரு நொடி ஆனது. எழுத, ஒவ்வோர் எழுத்தாகத் தேட வேண்டியிருந்தது.

"தம்பி, 'மூணு மாசத்துக்கு மேல நிக்கத் துப்பில்லாத பய'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். வெளிய போன்னு சொன்னேன். நீ சொன்னது உண்மை, நான் சொன்னது பொய். அந்த மூணு மாச வேலையை நீ விட்டதுக்குக் காரணமும் நான்தான்னு இன்னைக்குத் தெரிஞ்சுது. சித்தப்பாவைக் கோவிச்சுக்காதே. நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம். பதில் போடணும்னு இல்லை. என்னை மன்னிச்சிடு."

'ஆனா' இருக்கிறதா என்று ஒருமுறை தேடினேன். இல்லை. அம்மாவும் சாப்பாடும் இல்லை. அழுத்தினேன். கடிகாரம் வரவே இல்லை. உடனே இரண்டு கோடு. நீலம்.

பதில் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் நான் பட்ட பாட்டை எழுதி முடியாது. போனை எடுப்பேன், வைப்பேன். 'எழுதுகிறார்' என்று வரும், நின்றுபோகும். எட்டு தடவை வந்து நின்றது. எண்ணினேன். அவனும் ஏதோ பள்ளத்தில் நின்று எழுதி எழுதி அழிக்கிறான் என்று புரிந்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. பென்சில் அதைப் பார்த்துவிட்டு எண்ணெய்ப் புட்டியைத் தேடுகிற மாதிரித் திரும்பிக்கொண்டான்.

மூன்றரைக்கு வந்தது.

"துணி எடுக்கத்தான் வரேன்பா. அந்த அறையில ஒரு மாசம் இருக்கப் போறேன். ஆனா இன்னைக்கு ராத்திரி சாப்பாடு நம்ம வீட்லதான். பென்சில் சித்தப்பாவைக் கூட்டிட்டு வாங்க. மாமா வீட்டுக்கும் சொல்லிட்டேன், எல்லாரும் வராங்க. கதையை அவர் சொல்லட்டும்."

இரண்டு தடவை படித்தேன். ஒரு மாசம் என்பதை மட்டும் மூன்றாவது தடவையும். போகாதே என்று எழுத விரல் துடித்தது. 'சரிப்பா' என்று மட்டும் எழுதினேன்.

பென்சிலிடம் காட்டினேன். அவன் நிதானமாகப் படித்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"நான் வரேன்ணே. ஆனா நான் மெதுவாத்தான் சொல்லுவேன். நடுவுல நீங்க பேசக்கூடாது."

"பேசமாட்டேன்" என்று மெதுவாகச் சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை போலிருந்தது. இன்னொரு தடவை சொன்னேன்.