சிரிக்காத மாணவி

சிரிக்காதே தம்பி. நான் சிரிப்பேன், அது என் வேலை. நீ சிரிக்காதே.

அவள் இதை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் வேறெங்கோ பறந்துகொண்டிருந்தது. நூறு ஊரில் நூறு பள்ளிக்கூடம், அத்தனைக்கும் தானே தலைமையாசிரியை, ராஜினாமாக் கடிதம் நேற்றே கொடுத்தாயிற்று, இனி அண்ணனின் பேச்சை யார் கேட்பது. எதிரே உட்கார்ந்திருந்த மாணவன் வாயைப் பொத்தப் பார்த்து, முடியாமல், குபீரென்று சிரித்தான். சிரித்துக்கொண்டே எல்லாக் கேள்வியையும் கேட்டு முடித்தான். குடிப்பழக்கம், பழைய மாத்திரை, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, காதில் குரல் கேட்கிறதா, ஒன்றும் விடவில்லை. மணி அடித்ததும் நன்றி சொல்லிவிட்டு ஓடினான்.

தேர்வு அறையில் அவள் நோயாளி. நோயாளியாக நடிப்பவள். மருத்துவக் கல்லூரியின் இரண்டாம் மாடியில், மேசையும் இரண்டு நாற்காலியும் உள்ள சின்ன அறை. ஒவ்வொரு மாணவருக்கும் பத்து நிமிடம். மூலையில் பரிசோதகர் ஒருவர் பேசாமல் உட்கார்ந்து பட்டியலில் டிக் போடுவார். எத்தனை பேர் வந்தாலும் அவள் அதே வேகத்தில் பேச வேண்டும், அதே விஷயத்தை அதே அளவுக்குச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு எடுத்துக் கொடுத்து இன்னொருவருக்கு மறைக்கக்கூடாது. அதற்குத்தான் நான்கு பக்கத்தில் எழுதி வைத்த கதை.

அந்தக் கதை முதலில் வேறு மாதிரி இருந்தது. உரக்கச் சிரிக்கவும், பாடவும், நாற்காலி மேல் ஏறவும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு அவள் மனநலத் துறைப் பேராசிரியையிடம் சொன்னாள்: "மேடம், நாற்காலியில ஏறினா அதைக் கண்டுபிடிக்க டாக்டர் எதுக்கு? வாசல்ல நிக்கிற வாட்ச்மேனே சொல்லிடுவார்."

பேராசிரியை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நீயே சொல்லு என்று பேனாவை எடுத்தார். ஒன்பது வருடத்துக்கு முன் அவளுக்கு வந்ததும் மனம் கட்டுக்கடங்காமல் பொங்கும் இதே நோய்தான். அன்றிலிருந்து வைத்தியம் பார்ப்பவர் இந்தப் பேராசிரியைதான். மாத்திரையின் அளவைப் பார்த்துப் பார்த்து மாற்றி, ரத்தப் பரிசோதனைக்கு நாள் தவறினால் அக்காவுக்கு போன் போட்டு, அவள் நிமிர்ந்து நின்ற பிறகு இந்த வேலையையும் வாங்கிக் கொடுத்தார். பழையது கிளறிவிடக்கூடாது என்று, நான்கு மாணவருக்கு ஒருமுறை இடைவேளை, முகம் கழுவல், நோயாளியின் சிவப்புத் துப்பட்டாவைக் கழற்றி ஆணியில் மாட்டுதல் எல்லாம் அவர் வைத்த சட்டம். தேர்வு நாளானாலும் மாலை ஆறுக்கு மேல் அவளை இருக்க விடமாட்டார். தூக்கம் கெடக்கூடாது. பெற்ற தாய்கூட இத்தனை கணக்காகப் பார்த்திருக்க மாட்டாள்.

அப்படி இருவரும் உட்கார்ந்து எழுதிய கதையில் பாட்டும் கூத்தும் போய், எரிச்சல் வந்தது. இரண்டு மணி நேரத் தூக்கம், அதுவும் எட்டு நாளாக, ஆனாலும் களைப்பே இல்லை. இது தூக்கம் வராத கஷ்டமில்லை, தூக்கமே தேவைப்படாத நிலை. ஸ்கூட்டரில் லாரியை முந்துவது. லாரி தன்னை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை. கடைசிப் பக்கத்தில், 'கேட்டால் மட்டும்' என்ற தலைப்பின் கீழ், இரண்டு வருடத்துக்கு முன் நான்கு மாதம் படுக்கையை விட்டு எழாமல் கிடந்தது, அப்போது செத்துவிடலாமென்று நினைத்தது. அதற்கும் கீழே, அவளே சொல்லி எழுதவைத்த ஒற்றை வரி: பயமாக இருக்கிறதா என்று கேட்டால், ஒரு மூச்சு நிறுத்தி, "என் தலை நிக்கவே மாட்டேங்குது" என்று சொல்லவும்.

காலையிலிருந்து ஏழு பேர் வந்து போனார்கள். அந்த வரிக்கான கேள்வியை யாரும் கேட்கவில்லை.

எட்டாவதாக ஒரு பெண் வந்தாள். தடித்த கண்ணாடி, மெதுவான பேச்சு. நோயாளி நூறு பள்ளிக்கூடத்தை ஆரம்பித்ததும், அந்தப் பெண் நாற்காலியை மேசைக்கு எதிரிலிருந்து பக்கவாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். சிரிக்கவில்லை. முறைக்கவுமில்லை. பேச்சு கொஞ்சம் மூச்சு வாங்கும் இடம் பார்த்து, லேசாகக் கையை உயர்த்தினாள்.

"அக்கா, ஒரு நிமிஷம். நீங்க சொல்றது எல்லாம் கேக்கணும். ஆனா உங்க வேகம் எனக்கு வரல. ஒண்ணொண்ணா போகலாமா?"

பிறகு தூக்கம். மறுநாள் களைப்பு. ஸ்கூட்டர். முன்னால் கிடந்த அந்த நான்கு மாதம், சாகும் நினைப்பு. ஒவ்வொன்றாகக் கேட்டுக் காத்திருந்தாள். கடைசியில், "இவ்வளவு வேகமா ஓடுதே, உங்களுக்குப் பயமா இல்லையா அக்கா?"

அவள் ஒரு மூச்சு நிறுத்தினாள். கதையில் அப்படித்தான் இருக்கிறது. வரியைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

மாணவர் போனதும் நோயாளிக்கும் ஒரு சீட்டு உண்டு. அதில் ஒரே கேள்வி: இந்த டாக்டரிடம் மறுபடி வருவீர்களா? பூஜ்ஜியத்திலிருந்து ஐந்து வரை. சிரித்த பையனுக்கு இரண்டு போட்டிருந்தாள். இவளுக்கு ஐந்தைச் சுற்றி வட்டம் போட்டாள்.

நான்கு மணிக்குத் தேர்வு முடிந்தது. துப்பட்டாவைக் கழற்றி முகம் கழுவி வந்தபோது பேராசிரியை அந்தச் சீட்டோடு உட்கார்ந்திருந்தார். டீ வாங்கி வைத்திருந்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

பரிசோதகர் இருபதுக்குப் பத்துதான் போட்டிருந்தார். இவளுடைய ஐந்தோடு சேர்ந்தால் பதினைந்து. பாஸுக்கு அதுதான் வாசல்படி. ஒரு மார்க் குறைந்தாலும் அந்தப் பெண் ஆறு மாதம் கழித்துத் திரும்ப எழுத வேண்டும். இரண்டு மதிப்பெண்ணும் இவ்வளவு விலகினால், நோயாளியை ஒருமுறை யோசிக்கச் சொல்வது வழக்கம்.

"குடி கேக்கல. மாத்திரை கேக்கல. குரல் கேக்குதான்னு கேக்கல," என்றார் பேராசிரியை. "நாளைக்கு வார்டுல இதை விட்டா என்னாகும்னு உனக்கே தெரியும். மூணா மாத்திடும்மா. இல்லேன்னா பழைய பேஷண்ட் பரிதாபப்பட்டுப் போட்டாங்கன்னு பேசுவாங்க. அது உனக்குத்தான் கஷ்டம்."

சொன்னது அத்தனையும் நியாயம். அதுதான் சிக்கல். இந்த மனுஷி கேட்டு இதுவரை எதற்கு இல்லை என்றிருக்கிறாள்? கழுத்தை நீட்டச் சொன்னாலும் நீட்டலாம்.

பரிதாபமா? அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் அவசர சிகிச்சை அறையில் அவள் உளறியதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ், ஊழியர், பக்கத்துப் படுக்கைக்காரரின் மச்சான்கூட. கூட வந்த அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞன் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொன்னதைக் கேட்டான். அவன் பேர்கூடத் தெரியாது. அவன் சிரிக்காததால்தான் மறுநாள் அவள் பேராசிரியையின் அறைக்கு வந்தாள், வந்ததால்தான் இருக்கிறாள். அந்த நன்றியைத் தூக்கி இந்தப் பெண் தலையில் கட்டுகிறேனா?

இல்லை. இன்று காலையிலிருந்து எத்தனையோ பேர் வந்தார்கள். அத்தனை பேரிடமும் ஒரே கதைதான் சொன்னாள். எழுந்து போகத் தோன்றாதது ஒருத்தியிடம்தான்.

"அவ கேக்காம விட்டதுக்குப் பரிசோதகர் குறைச்சிட்டார், மேடம். அது சரிதான். அதை அவகிட்ட சொல்லிக்குடுங்க, கத்துக்குவா." டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள். "என்கிட்ட கேட்டது மறுபடி வருவியான்னுதான்."

"வருவியா?"

"வருவேன்."

பேராசிரியை பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். வற்புறுத்தவில்லை; நகர்த்தி மட்டும் வைத்தார்.

அவள் பேனாவைத் தொடவில்லை. "உங்ககிட்ட இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல," என்றாள், "ஆனா மாத்த மாட்டேன் மேடம்."